எட்டு மணிக்கு வராதவருக்கு ஒரு மின்னஞ்சல்

2025 நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் வீடியோ வழியாக நேர்காணல் நடத்துகிறது. நியூயார்க்கிலிருந்து ஒரு மேலாளரும் சென்னையிலிருந்து ஒரு மூத்த பொறியாளரும் உள்ளே வந்துவிட்டார்கள். விண்ணப்பதாரரை மட்டும் காணோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பார்த்துவிட்டு எட்டேகாலுக்கு இருவரும் வெளியேறுகிறார்கள். நிறுவனத்தின் ஆட்சேர்ப்பு மென்பொருளில் அவருடைய பெயருக்கு எதிரே 'நோ ஷோ' என்று பதிவு செய்ய ஒரே ஒரு கிளிக் போதும்.

அந்தக் கிளிக்கைச் செய்வதற்கு முன்னால் அனுபவமுள்ள ரெக்ரூட்டர் செய்கிற வேலை இரண்டு. முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு. அதை எடுக்காவிட்டால் ஒரு மின்னஞ்சல்.

அழைப்பைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. தெரியாத எண் என்றாலே கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்கிறவர்களாகத்தான் இருக்கும் என்று துண்டித்துப் பழகியவர்கள் நாம். வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுகிறவருக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. பக்கத்து நாற்காலியில் சக ஊழியர் உட்கார்ந்திருக்கும்போது அவரால் எப்படிப் பேச முடியும்? எழுத்தில் வருவதை இரவு வீட்டுக்குப் போன பிறகு நிதானமாகப் படித்துப் பதில் போடலாம். அதனால்தான் மின்னஞ்சல்.

சொல்லாமல் வராமல் போவது ஐ.டி. துறையில் புதிதல்ல. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஒரு நிறுவனத்தின் ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மூன்று மாதத்தில் இன்னும் நல்ல சம்பளத்துக்கு நாலு இடத்தில் முயன்று பார்க்கிறவர்கள் உண்டு. ஓரிடத்தில் முடிவாகிவிட்டால் மற்ற இடங்களுக்கு 'வரவில்லை' என்று சொல்லக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இது இந்தியாவோடு நிற்கிற பழக்கமும் இல்லை. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், நாட்டின் தொழில் நிலவரத்தைத் தொகுத்து வெளியிடும் 'பெய்ஜ் புக்' அறிக்கையில் 2018 டிசம்பரிலேயே இதையொட்டிய ஒரு செய்தி வந்தது. ஊழியர்கள் சொல்லாமல் வேலைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள், பிறகு அவர்களைத் தொடர்புகொள்ளவே முடிவதில்லை என்று சிகாகோ வட்டாரத்து நிறுவனங்கள் அதில் தெரிவித்திருந்தன. அமெரிக்காவில் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது.

ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு எட்டேகாலுக்கு, வராதவர் இந்த வகையைச் சேர்ந்தவரா என்பது ரெக்ரூட்டருக்குத் தெரியாது. காய்ச்சலாக இருக்கலாம். மேலாளர் திடீரென்று மீட்டிங் போட்டிருக்கலாம். அழைப்பு மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கலாம். தெரியாத நிலையில் எழுதுகிற கடிதம் என்பதால்தான் அதன் தொனியில் இத்தனை கவனம் தேவைப்படுகிறது.

நல்ல ரெக்ரூட்டர் அன்றிரவே அனுப்பும் மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். இன்று (நவம்பர் 4, செவ்வாய்) இந்திய நேரப்படி இரவு 8 மணிக்குத் திட்டமிட்டிருந்த நேர்காணலில் உங்களைச் சந்திக்க முடியவில்லை. 8.15 வரை காத்திருந்தோம், தொலைபேசியிலும் ஒருமுறை அழைத்தோம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்ன நடந்தது என்று ஓரிரு வரியில் தெரிவிக்க முடியுமா? இணைப்பிலோ நேரத்திலோ எங்கள் பக்கம் குழப்பம் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த வேலையில் இன்னும் ஆர்வம் இருந்தால் இந்த வாரத்துக்குள் வேறு நேரம் ஒதுக்க முயல்கிறேன். வேறு முடிவு எடுத்திருந்தாலும் தயங்காமல் சொல்லலாம். வியாழன் மாலைக்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பினால் எனக்கு வந்துவிடும்."

படிக்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முதல் வரியிலேயே தேதி, கிழமை, மணி, எந்த ஊர் நேரம் என்று எல்லாமே வந்துவிடுகின்றன. 'இன்றைய நேர்காணலுக்கு நீங்கள் வரவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் விண்ணப்பதாரர் தன்னிடம் உள்ள விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. 8.15 வரை காத்திருந்தோம் என்பது குற்றச்சாட்டு இல்லாத தகவல். மூன்று பேரின் நேரம் வீணானது என்று அளந்து காட்ட வேண்டிய அவசியம் இல்லை, அவருக்கே புரியும்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். 'ஏன் வரவில்லை, ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறதா' என்று அடுக்கினால் அது அலுவலக மெமோ போல ஆகிவிடும். மெமோவுக்கு எழுதுகிற பதில் தற்காப்புப் பதிலாகத்தான் இருக்கும். இல்லாத பாட்டி இறந்துபோவதெல்லாம் அந்த மாதிரிப் பதில்களில்தான். உடம்புக்கு என்ன என்று துருவுவதும், மருத்துவச் சான்று கேட்பதும் இன்னும் மோசம். அவர் இன்னமும் அந்த நிறுவனத்தின் ஊழியரே இல்லை.

'வேறு முடிவு எடுத்திருந்தாலும் சொல்லலாம்' என்ற வாக்கியம்தான் அதிகம் பலன் தருகிறது. வேறு ஆஃபரை ஏற்றுக்கொண்டவர் கூச்சத்தால் மௌனமாக இருக்கிறார். அந்தக் கதவைத் திறந்துவைத்தால் 'மன்னிக்கவும், வேறிடத்தில் சேர முடிவு செய்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதிவிடுகிறார். ரெக்ரூட்டருக்கு அது போதும், அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கலாம்.

கடைசி வரியும் சாதாரணமானதல்ல. பல நிறுவனங்களில் நேர்காணல் அழைப்புகளை ஆட்சேர்ப்பு மென்பொருளே அனுப்புகிறது. அனுப்புநர் முகவரி 'no-reply' என்று தொடங்கும். அதற்கு எழுதும் பதிலை எந்த மனிதரும் படிப்பதில்லை. யாருக்கும் சொல்லாமல் வராமல் போனார் என்று நிறுவனம் நினைத்துக்கொண்டிருக்க, அவரோ சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை கதைக்கு வருவோம். புதன் காலை பதில் வருகிறது: "நான் ஏழு மணிக்கே இணைந்தேன். சிறிது நேரத்தில் உள்ளே அனுமதிப்பார்கள் என்ற அறிவிப்பு மட்டும் தெரிந்தது. 7.35 வரை இருந்தேன். அழைப்பு வந்த மின்னஞ்சலுக்கு அப்போதே பதிலும் போட்டேன்." அந்த மின்னஞ்சலின் திரைப்படத்தையும் இணைத்திருக்கிறார். அதில் தெளிவாக இருக்கிறது: நியூயார்க் நேரம் காலை 9.30, இந்திய நேரம் மாலை 7.00.

என்ன நடந்தது? ரெக்ரூட்டர் அந்த அழைப்பை அக்டோபர் 28 அன்று எழுதினார். அன்றைக்கு நியூயார்க் இந்தியாவைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. 9.30 மணியோடு ஒன்பதரையைக் கூட்டினால் மாலை ஏழு. கணக்கில் தவறில்லை. ஆனால் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னுக்கும், நவம்பர் முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னுக்கும் நகர்த்துவார்கள். 2025-இல் அந்த நவம்பர் ஞாயிறு 2-ஆம் தேதி. அன்றிலிருந்து இடைவெளி பத்தரை மணி நேரம். நியூயார்க்கில் அதே 9.30 அடிக்கும்போது சென்னையில் மணி எட்டு.

நாட்காட்டி மென்பொருளுக்கு இது தெரியும். நியூயார்க் நேரத்தில் போட்ட அழைப்பு அதுவாகவே இந்திய நேரம் எட்டுக்கு மாறிக்கொண்டது. தவறு நடந்தது கையால் தட்டச்சு செய்த வரியில். விண்ணப்பதாரர் தன் நாட்காட்டியைப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். கூகுள் காலண்டரில் தெரியாதவர்கள் அனுப்பும் அழைப்புகள் தானாகச் சேராதபடி தடுக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவைத்திருந்தால், அவர் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்தாதவரை நாட்காட்டி காலியாகத்தான் இருக்கும். அவர் மின்னஞ்சலில் படித்ததை நம்பினார். நேரத்துக்கும் வந்தார்.

முந்தின இரவு 'நோ ஷோ' கிளிக் விழுந்து, காட்டமான ஒரு கடிதமும் போயிருந்தால், இந்த விவரம் வெளியே வந்திருக்காது. ரெக்ரூட்டர் இப்போது மன்னிப்புக் கேட்டு, நவம்பர் 7, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் இரவு 8 மணி என்று புது அழைப்பு அனுப்புகிறார். காத்திருந்த மேலாளருக்கும் பொறியாளருக்கும் தவறு நம் பக்கம் என்று சொல்லிவிடுகிறார். அதைச் சொல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை அவர்கள் முன்னால் வந்து உட்காரும்போது விண்ணப்பதாரர் மீது ஒரு கறுப்புப் புள்ளி ஏற்கெனவே விழுந்திருக்கும். அக்டோபர் கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் அனுப்பிய மற்ற அழைப்புகளையும் அவர் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பிரிட்டனும் ஐரோப்பாவும் வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் கடிகாரத்தை மாற்றுவதால் அந்த நாட்டு நேர்காணல்களுக்குத் தனிக் கணக்கு.

எல்லாப் பதிலும் இப்படி இருக்காது. உடல்நலம், வீட்டில் அவசரம் என்று பதில் வந்தால் பெரும்பாலான ரெக்ரூட்டர்கள் இன்னொரு வாய்ப்புத் தருகிறார்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் ஒரு நினைவூட்டல் அனுப்பி, 'வருகிறேன்' என்ற உறுதி வந்த பிறகே மேலாளரின் நேரத்தை உறுதிசெய்கிறார்கள். இரண்டாவது முறையும் காணாமல் போனால் அத்தோடு சரி.

பதிலே வராவிட்டால்? வியாழன் மாலைக்குப் பிறகு இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல்: 'உங்களிடமிருந்து பதில் வராததால் இந்த விண்ணப்பத்தை முடித்துக்கொள்கிறோம். பின்னால் விருப்பம் இருந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.' மூன்றாவது கடிதம் கிடையாது. பதிவேட்டில் 'நவம்பர் 4, 6 தேதிகளில் எழுதினோம், பதில் இல்லை' என்று நடந்ததை மட்டும் எழுதுகிறார்கள். 'பொறுப்பில்லாதவர்' என்று எழுதிவைத்தால், இரண்டு ஆண்டு கழித்து அதைப் படிக்கிற வேறொரு ரெக்ரூட்டருக்குத் தீர்ப்பு மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது.

விண்ணப்பதாரர்கள் தரப்பில் ஒரு மனக்குறை உண்டு. மூன்று சுற்று முடித்துவிட்டு முடிவு என்னவென்றே தெரியாமல் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தவரிடம் 'ஏன் சொல்லவில்லை' என்று கேட்டால் அவருக்கு எரிச்சல்தான் வரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் நடத்தினால், கடைசி நேர்காணல் முடிந்த 45 நாட்களுக்குள் தேர்வு முடிவாகிவிட்டதா என்று விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இது அங்கே நடைமுறைக்கு வந்தது. இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் இது ரெக்ரூட்டரின் பழக்கத்தைப் பொறுத்த விஷயம்தான். தேர்வாகாதவருக்கும் ஒரு வரி எழுதும் வழக்கமுள்ள ரெக்ரூட்டர், வராமல் போனவரிடம் என்ன நடந்தது என்று கேட்டு எழுதும்போது, அந்தக் கேள்வியைப் படிக்கிறவருக்கு முகம் சுளிக்கக் காரணம் இருக்காது.