சராசரிகளின் சராசரியும் நடு மதிப்பும்

வீட்டுக்கே பொருள் அனுப்பும் மளிகைக் கடைக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இரண்டு கிளைகள். 'இத்தனை ரூபாய்க்கு மேல் வாங்கினால் அனுப்புக்கூலி இல்லை' என்று அறிவிக்க விரும்புகிறார். வழக்கமாக ஒருவர் வாங்கும் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாக அந்த வரம்பு இருக்க வேண்டும். அப்படியானால் வழக்கமான ஆர்டரின் மதிப்பு என்ன?

முதல் கிளையில் ஒரு நாளில் வந்த ஆர்டர்கள் ஐந்து: ரூ. 100, 120, 170, 180, 930. இரண்டாம் கிளையில் இரண்டு: ரூ. 450, 850. முதல் கிளையின் சராசரி 300. இரண்டாவதன் சராசரி 650. இவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 475 வருகிறது. ஆனால் மொத்தத் தொகையான 2,800-ஐ ஏழு ஆர்டர்களால் வகுத்தால் 400தான். இரண்டு ஆர்டர் வந்த கிளைக்கும் ஐந்து வந்த கிளைக்கும் சம எடை கொடுத்ததால் வந்த பிழை இது.

அந்த 400-ஐயும் நம்ப முடியாது. ஏழில் நான்கு ஆர்டர்கள் 180-க்கு மேல் போகவில்லை. இரண்டு மூன்று பெரிய தொகைகள் சராசரியை மேலே இழுத்துவிட்டன. இங்கே உதவுவது இடைநிலை அளவு. தொகைகளை ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்பதை எடுத்தால் அதுவே இடைநிலை. 100, 120, 170, 180, 450, 850, 930 என்ற வரிசையில் அது 180. வரம்பை 220 என வைத்தால், 180-க்கு வாங்குபவர் இன்னொரு பொருள் சேர்த்து வாங்குவார். 475 என வைத்தால் அவர் முயலவே மாட்டார்.

கிளைகளின் இடைநிலைகளைச் சேர்த்து இதைப் பெற முடியுமா? முதல் கிளைக்கு 170, இரண்டாவதற்கு 650. இவற்றின் சராசரி 410. ஆர்டர் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை கொடுத்தாலும் ஏறத்தாழ 307 வருகிறதே தவிர 180 வரவில்லை. கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் கையில் இருந்தால் சராசரியைச் சரிசெய்துவிடலாம். இடைநிலைக்கு அந்த வழி கிடையாது. ஒவ்வோர் ஆர்டரின் தொகையும் திரும்ப வேண்டும்.

ஆகவே பவர் பிஐ போன்ற கணிப்பொறி அறிக்கைகளில் இடைநிலையை முன்பே கணக்கிட்டு அட்டவணையில் எழுதி வைக்கலாகாது. கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கணக்கிடும் 'அளவை'யாக அதை அமைக்க வேண்டும்:

```
Median Order Value =
MEDIANX (
    VALUES ( Sales[OrderID] ),
    CALCULATE ( SUM ( Sales[Amount] ) )
)
```

இதை உள்ளிருந்து படியுங்கள். விற்பனை அட்டவணையில் ஒரு வரி என்பது ஓர் ஆர்டர் அன்று. ஆர்டரில் உள்ள ஒரு பொருள். 930 ரூபாய் ஆர்டர் அரிசி 700, எண்ணெய் 150, சோப்பு 80 என மூன்று வரிகளாக இருக்கும். வரிகளுக்கே இடைநிலை கண்டால் பொருளின் விலை கிடைக்குமே அன்றி ஆர்டரின் மதிப்பு கிடைக்காது. எனவே `VALUES` வடிகட்டிய பின் எஞ்சிய ஆர்டர் எண்களைத் தருகிறது. `CALCULATE` ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய வரிகளை மட்டும் எடுத்துக் கூட்டச் செய்கிறது. அது இல்லாவிட்டால் எல்லா ஆர்டருக்கும் ஒரே மொத்தத் தொகை வந்து நிற்கும். இறுதியில் `MEDIANX` நடு மதிப்பை எடுக்கிறது.

கிளையைத் தேர்ந்தெடுத்தாலும் மாதத்தை மாற்றினாலும் கணக்கு அடியிலிருந்து மீண்டும் நடக்கும். கிளைகளுக்கு எதிரே 170, 650 என்றும், மொத்த வரியில் 180 என்றும் தெரியும். மேலுள்ளவற்றின் சராசரியாக மொத்தம் இல்லையே என்று திகைக்க வேண்டாம். அதுதான் சரியான விடை.

ஒரு கண்ணி உண்டு. 'சோப்பு' என்று வடிகட்டினால் அந்த 930 ரூபாய் ஆர்டர் 80 ரூபாயாகச் சுருங்கிவிடும். சோப்புக்கு மட்டும் செலவானது எவ்வளவு என்பது கேள்வியானால் அது சரி. சோப்பு வாங்கியவர்களின் முழு ஆர்டர் மதிப்பு வேண்டுமானால், பொருள் வடிகட்டியை உள்கணக்கில் மட்டும் நீக்க வேண்டும். பொருள்கள் `Product` என்ற தனி அட்டவணையில் இருந்து, வடிகட்டுவதும் அதன் வழியே நடந்தால், நான்காம் வரியை மட்டும் இப்படி எழுதலாம்:

```
CALCULATE ( SUM ( Sales[Amount] ),
    REMOVEFILTERS ( 'Product' ) )
```

ஆர்டர் எண்களின் பட்டியல் வெளியே நிற்பதால் சோப்பு வாங்கியவர்களே அதில் இருப்பார்கள். தொகை மட்டும் முழுமையாகும்.

சரிபார்ப்பதும் எளிது. ஏழெட்டு ஆர்டர்கள் மட்டும் எஞ்சும்படி ஒரு நாளை வடிகட்டுங்கள். ஆர்டர் வாரியாகத் தொகைகளைத் தாளில் ஏறுவரிசையில் எழுதி நடுவில் விரலை வையுங்கள். எண்ணிக்கை இரட்டைப்படையானால் நடுவிலுள்ள இரண்டின் சராசரி. திரையில் தெரிவதும் அதுவே எனில் அளவை சரி. ஒத்துப்போகவில்லையெனில், இரு கிளைகளும் ஒரே ஆர்டர் எண்ணைப் பயன்படுத்துகின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் இரண்டு ஆர்டர்கள் ஒன்றாகக் கலந்திருக்கும்.