பங்கின் விலையைத் தீர்மானிக்கும் ஆறாவது ஆண்டு

ஒரு நிறுவனத்தின் மதிப்பு என்பது அது இனி ஈட்டப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு. டிஸ்கவுன்டட் கேஷ் ஃப்ளோ, சுருக்கமாக டி.சி.எஃப். என்கிற கணக்கின் சாரம் இவ்வளவுதான். ஐந்தாண்டுகளுக்குப் பணவரத்தை மதிப்பிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் எல்லா ஆண்டுகளையும் சேர்த்து டெர்மினல் வேல்யூ என்று ஒரே எண்ணாகப் போடுவார்கள். கடைசியில் அனுமானங்கள் கொஞ்சம் மாறினால் விலை எவ்வளவு மாறும் என்பதைக் காட்ட ஒரு சென்சிட்டிவிட்டி அட்டவணை இருக்கும். தரகு நிறுவன அறிக்கைகளில் முதலீட்டாளர்கள் பலர் இந்த அட்டவணையை நம்புகிறார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனாலும் அது ஒரு முக்கியமான செலவை மறைத்துவிடக்கூடும். ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கை முழுவதும் போட்டால் அந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

செபி வகைப்பாட்டில் சந்தை மதிப்பு வரிசையில் 251-ஆம் இடத்திலிருந்து கீழே உள்ளவை எல்லாம் ஸ்மால்கேப். அந்த வரிசையிலும் மிகக் கீழே இருக்கும் ஒரு நிறுவனத்தைக் கணக்குக்காகக் கற்பனை செய்துகொள்வோம். கோவைப் பகுதியில் பம்ப் செட்களுக்கு வார்ப்புகள் செய்யும் ஃபவுண்டரி அது. ஆண்டு விற்பனை 300 கோடி ரூபாய். மொத்தப் பங்குகள் 1 கோடி. பங்கின் சந்தை விலை 340 ரூபாய். தொழிலில் போட்டிருக்கும் மூலதனம், அதாவது கட்டடம், உலைகள், இயந்திரங்கள், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து 240 கோடி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புது ஷெட் போட்டதால், உற்பத்தித் திறனில் 65 சதவிகிதம் மட்டுமே இப்போது பயன்படுகிறது. இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஃப்ரீ கேஷ் ஃப்ளோவைக் கண்டுபிடிப்பது. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 36 கோடி. வரி சுமார் 25 சதவிகிதம், அதாவது 9 கோடி. அது போக நிற்பது 27 கோடி. தேய்மானம் 9 கோடி கையை விட்டுப் போகாத செலவு என்பதால் அதைத் திரும்பக் கூட்டினால் 36 கோடி. புதிய இயந்திரங்களுக்கும் பழையவற்றை மாற்றவும் செலவு 12 கோடி. விற்பனை கூடியதால் சரக்கிலும் வாடிக்கையாளர் பாக்கியிலும் கூடுதலாக முடங்கியது 4 கோடி. மிஞ்சியது 20 கோடி. கடன் கொடுத்தவர்களும் பங்குதாரர்களும் பிரித்துக்கொள்ளக்கூடிய பணம் இதுதான்.

சிறு நிறுவனங்களில் அந்த 4 கோடி ஆண்டுக்கு ஆண்டு துள்ளும். மார்ச் மாதத்தில் சப்ளையர்களுக்குத் தரவேண்டிய பணத்தை ஏப்ரலுக்குத் தள்ளினாலே ஓர் ஆண்டின் பணவரத்து அழகாகிவிடும். மறு ஆண்டு அது திரும்பி வந்து கடிக்கும். அதனால் ஓர் ஆண்டு எண்ணை நம்பாமல், குறைந்தது ஐந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்து, விற்பனை ஒவ்வொரு ரூபாய் கூடும்போதும் எவ்வளவு முடங்குகிறது என்று சராசரி பார்க்க வேண்டும்.

அடுத்தது தள்ளுபடி விகிதம். பத்தாண்டு அரசுப் பத்திரம் சுமார் 7 சதவிகிதம் தருவதாக வைத்துக்கொள்வோம். சிறு நிறுவனப் பங்கில் பணம் போடுபவர் அதற்கு மேல் இன்னொரு 7 எதிர்பார்ப்பார். மலிவான கடனும் கொஞ்சம் கலந்திருப்பதால் மொத்தத்தில் 13 சதவிகிதம் என்று எடுக்கலாம். பாடப்புத்தகங்கள் இங்கே பீட்டா என்ற அளவைப் பயன்படுத்தச் சொல்லும். ஆனால் நாளுக்குச் சில நூறு பங்குகளே கைமாறும் பங்கில் பீட்டா ஏமாற்றும். சந்தை ஆடும் நாளில் அந்தப் பங்கில் வியாபாரமே நடக்காமல் போகலாம். அதனால் ஆபத்து குறைவு என்பதுபோல ஒரு சிறிய எண் வந்து நிற்கும்.

காலியாக இருக்கும் ஷெட் நிரம்ப நிரம்ப, ஐந்து ஆண்டுகளுக்குப் பணவரத்து 10 சதவிகிதம் வளரும் என்று கொள்வோம். இதில் ஒரு பகுதி விலை உயர்வால் வருவது. 20 கோடி முதல் ஆண்டில் 22 கோடியாகி, ஐந்தாம் ஆண்டில் 32.2 கோடியாகிறது. ஐந்தையும் 13 சதவிகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் கூட்டுத்தொகை 92 கோடி.

இனி ஆறாவது ஆண்டு. அதிலிருந்து முடிவே இல்லாமல் 5 சதவிகிதம் வளரும் என்பது நம் அனுமானம். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவிகிதம் என்பதால், 5 என்பது மிதமாகவே தெரிகிறது. சூத்திரம் இதுதான்:

```
TV = FCF5 * (1 + g) / (r - g)
```

இதில் r என்பது தள்ளுபடி விகிதம், g என்பது நிரந்தர வளர்ச்சி. 32.2 கோடியை 5 சதவிகிதம் கூட்டி, 13-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 8 சதவிகிதத்தால் வகுத்தால் 423 கோடி. அது ஐந்தாண்டு கழித்து இருக்கும் மதிப்பு. இன்றைக்கு அது 229 கோடி. முதல் ஐந்தாண்டின் 92 கோடியைச் சேர்த்தால் 322 கோடி. கடன் 30 கோடி, கையில் ரொக்கம் 8 கோடி என்பதால் நிகரக் கடன் 22 கோடி. அதைக் கழித்தால் 300 கோடி, பங்குக்கு 300 ரூபாய்.

322 கோடியில் 229 கோடி, அதாவது 71 சதவிகிதம், டெர்மினல் வேல்யூ. ஐந்தாண்டு விற்பனையை மாதக்கணக்கில் அலசியதெல்லாம் மீதி 29 சதவிகிதத்துக்குத்தான். அதனால்தான் r, g இரண்டையும் ஒரு சதவிகிதம் கூட்டியும் குறைத்தும் இப்படி ஓர் அட்டவணை போடுகிறார்கள். உள்ளே இருப்பவை பங்கின் மதிப்பு, ரூபாயில்.

| தள்ளுபடி விகிதம் | வளர்ச்சி 4% | வளர்ச்சி 5% | வளர்ச்சி 6% |
|---|---|---|---|
| 12% | 310 | 347 | 396 |
| 13% | 272 | 300 | 335 |
| 14% | 242 | 263 | 290 |

சந்தை விலை 340-ஐ இதில் தேடினால், ஒன்பது கட்டங்களில் இரண்டு அதற்கு மேலே இருக்கின்றன. 335 மிக அருகில் இருக்கிறது. "வளர்ச்சி கொஞ்சம் கூடினால் போதும், விலை நியாயம்தான்" என்று அறிக்கை எழுதுபவர் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நடு வரிசையை இடமிருந்து வலமாகப் பாருங்கள். வளர்ச்சி 4-லிருந்து 6 ஆனதும் மதிப்பு 63 ரூபாய் ஏறுகிறது. அந்தக் கூடுதல் வளர்ச்சிக்காக நிறுவனம் என்ன செலவு செய்தது? எதுவும் இல்லை. சூத்திரத்தில் g மட்டும் மாறியது; ஐந்தாம் ஆண்டின் 32.2 கோடி அப்படியே இருக்கிறது. ஆனால் ஃபவுண்டரி வேகமாக வளர வேண்டுமென்றால் உலை வேண்டும், ஷெட் வேண்டும், கூடுதல் சரக்கும் பாக்கியும் முடங்கும். அந்தப் பணம் ஃப்ரீ கேஷ் ஃப்ளோவிலிருந்துதான் போக வேண்டும்.

அதிலும் இந்த 32.2 கோடி சாதாரண ஆண்டின் எண் அல்ல. ஐந்தாண்டுகளாகக் காலி ஷெட்டை நிரப்பியே வளர்ந்ததால் முதலீடு குறைவாகத் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் போடும் ஒவ்வொரு புதிய 100 ரூபாய்க்கும் சுமார் 39 ரூபாய் கூடுதல் லாபம் வருவதாக நம் கணக்கு அமைந்திருக்கிறது. ஷெட் நிரம்பிய பிறகு இந்த வசதி இருக்காது.

பிறகு எவ்வளவு வரும் என்பதை இதே எண்களிலிருந்து கணிக்கலாம். ஐந்தாம் ஆண்டில் வரிக்குப் பிந்தைய லாபம் 43.5 கோடி. இன்றைய மூலதனம் 240 கோடியுடன் ஐந்தாண்டுகளில் சேரும் நிகர முதலீடு 47 கோடியைக் கூட்டினால் 287 கோடி. ஷெட் முழுவதும் ஓடும்போதும் மூலதனத்தின் மேல் வருமானம் 15 சதவிகிதம்தான். பழைய இயந்திரங்கள் தேய்மானம் போன விலையில் ஏட்டில் இருப்பதால், புதிய ஷெட்டுக்கு இந்த 15-கூடச் சற்று தாராளமான எண்ணே.

இனி வளர்ச்சிக்கு உரிய செலவைக் கழித்துப் பார்ப்போம். ஆறாம் ஆண்டு லாபம் 45.7 கோடி. அது 5 சதவிகிதம் வளர, அடுத்த ஆண்டு 2.3 கோடி கூடுதல் லாபம் வேண்டும். 15 சதவிகித வருமானத்தில் அதற்கு 15.2 கோடி முதலீடு செய்ய வேண்டும். ஆகவே மிஞ்சுவது 30.4 கோடி. பழைய கணக்கு இதே ஆண்டுக்கு 33.8 கோடி என்று காட்டியது. பங்கின் மதிப்பு 300-லிருந்து 277-ஆக இறங்குகிறது.

நடு வரிசை முழுவதையும் இப்படித் திருத்தினால் 272, 300, 335 என்று இருந்தது 270, 277, 285 என்று மாறுகிறது. 63 ரூபாய் இடைவெளி 15 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. கீழ் வரிசையில் அது 240 முதல் 247 வரைதான். காரணம் எளிது. 14 சதவிகிதம் எதிர்பார்க்கும் பணத்தைப் போட்டு 15 ஈட்டும் தொழிலில், வளர்ச்சி மதிப்பில் அதிகம் சேர்க்காது. வருமானம் 12-ஆக இருந்தால் வளர வளர மதிப்பு குறையவே செய்யும். திருத்திய அட்டவணையின் ஒன்பது கட்டங்களில் மிக உயர்ந்தது 334 ரூபாய். 340-ஐ ஒரு கட்டமும் தொடவில்லை.

ஆகவே யாராவது ஓர் அட்டவணையைக் காட்டினால், g மாறும்போது ஆறாம் ஆண்டின் பணவரத்தும் மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். மாறவில்லை என்றால் வளர்ச்சி இலவசமாகக் கிடைப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அச்சில் வளர்ச்சிக்குப் பதிலாகப் புதிய முதலீட்டின் மேல் வரும் வருமானத்தைப் போடச் சொல்லலாம். ஆண்டறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடிய எண் அது. தள்ளுபடி விகிதத்தின் அச்சு அப்படியே இருக்கட்டும். திருத்திய பிறகும் அது ஒரு சதவிகிதத்துக்கு 30, 40 ரூபாய் நகர்த்துகிறது. அந்த நிச்சயமின்மை உண்மையானது, அதைக் குறைத்துக் காட்ட வழியில்லை.

சந்தை விலையிலிருந்தும் பின்னோக்கிக் கணக்குப் போடலாம். 13 சதவிகிதத்திலும் 5 சதவிகித வளர்ச்சியிலும் 340 ரூபாய் நியாயமாக இருக்க, ஆறாம் ஆண்டிலிருந்து போடும் ஒவ்வொரு 100 ரூபாயும் சுமார் 39 ரூபாய் ஈட்ட வேண்டும். காலி ஷெட்டை நிரப்பிய ஐந்தாண்டுகளில் கிடைத்த அதே வருமானம் அது. இன்று 340 கொடுத்து வாங்குபவர், ஷெட் நிரம்பிய பிறகும் அந்த வருமானம் என்றென்றும் தொடரும் என்று சேர்த்தே வாங்குகிறார்.