மாடித் தொட்டியின் வால்வும் மொட்டைமாடிச் சாவியும்

குழாய் வெடித்தால் முதலில் பிரதான வால்வை மூட வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த அறிவுரை. ஆனால் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நம்மவர்களுக்கு இந்த அறிவுரை பாதி வழிதான் துணை வரும். நம் குடியிருப்புகளில் பிரதான வால்வு என்று சொல்லத்தக்கவை ஒன்றல்ல. தவறான ஒன்றை மூடிவிட்டு நிம்மதியாக இருந்தால், நீர் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். எது எதை நிறுத்தும் என்பதை நீரின் பாதையை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

மாநகராட்சியின் நீர் நாள் முழுவதும் வருவதில்லை. குறித்த வேளைகளில் மட்டுமே வருகிறது. தெருக்குழாயிலிருந்து நம் கட்டடத்திற்குக் கிளை பிரியும் இடத்தில் ஃபெரூல் என்னும் சிறு பித்தளை இணைப்பு இருக்கும். அதன் வழியே வரும் நீர் முதலில் தரைக்கடியில் உள்ள தொட்டியில் சேர்கிறது. மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கும் குழாய்கள் வழியாகத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் நீர் வருகிறது.

ஆகவே வீட்டுக்குள் குழாய் வெடிக்கும்போது கொட்டுவது தெருக்குழாயின் நீரன்று. தலைக்குமேல் நிற்கும் தொட்டியின் நீர். வாசலருகே உள்ள மாநகராட்சி இணைப்பின் வால்வை மூடினால் தரைத்தொட்டிக்கு வரும் நீர் மட்டுமே நிற்கும். வீட்டுக்குள் கொட்டுவதில் ஒரு துளியும் குறையாது. ஃபெரூலை நாமே தொடவும் கூடாது. அது மாநகராட்சியின் பொறுப்பில் உள்ளது.

நமக்கு உண்மையில் உதவுபவை மூன்று. முதலாவது, நம் வீட்டுக்குள்ளோ வாசலை ஒட்டிய குழாய்ப் பாதையிலோ இருக்கும் வீட்டு வால்வு. இரண்டாவது, மொட்டைமாடித் தொட்டியின் அடியில், நீர் இறங்கும் குழாயில் உள்ள வால்வு. மூன்றாவது, மோட்டாரின் சுவிட்சு. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறோம். பல கட்டடங்களில் மோட்டார் தானியங்கிக் கருவியால் இயங்குகிறது. தொட்டியில் நீர் குறைந்தால் அது தானே ஓடி நிரப்பும். குழாய் வெடித்த வீட்டில் நீர் கொட்டக் கொட்ட, கீழ்த்தொட்டியின் நீரையும் அது மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

அமைதியான ஒரு நாளில் தேடுவது

வீட்டு வால்வைத் தேடும்போது குளியலறைச் சுவரில் பதித்த கைப்பிடிகள், சமையலறைத் தொட்டியின் அடிப்பகுதி, வீட்டுக்கு வெளியே குழாய்கள் ஏறி இறங்கும் ஒடுக்கமான இடைவெளி ஆகிய மூன்று இடங்களையும் பார்க்க வேண்டும். ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடக் கூடாது. நம் கட்டடங்களில் சமையலறைக்கு ஓர் இறங்குகுழாயும் ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனி இறங்குகுழாயும் இருப்பது வழக்கம். இரண்டு குளியலறை உள்ள வீட்டில் மூன்று வால்வுகள் இருக்கக்கூடும்.

இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கண்டுபிடித்த வால்வை மூடிவிட்டு, வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். சற்று நேரத்தில் நின்றுவிடும் குழாய்கள் அந்த வால்வுக்கு உட்பட்டவை. தொடர்ந்து ஓடுபவை வேறு பாதையைச் சேர்ந்தவை; அவற்றுக்குரிய வால்வை இனித் தேட வேண்டும். எல்லாக் குழாய்களும் நூலிழை போல ஓடிக்கொண்டே இருந்தால், வால்வு முழுமையாக மூடவில்லை என்று பொருள்.

வால்வுகள் பெரும்பாலும் இருவகை. நீண்ட கைப்பிடியுள்ள பால் வால்வு கால் சுற்றில் மூடிவிடும். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சக்கரம் போன்ற தலையுள்ள கேட் வால்வைக் கடிகார முள்ளின் திசையில் பலமுறை சுற்ற வேண்டும். பல ஆண்டுகள் தொடாமல் இருந்த கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். அதைப் பெரிய ஸ்பேனர் கொண்டு ஒரே மூச்சில் திருகினால் உள்ளிருக்கும் தண்டு முறிந்துவிடலாம். சிறிது மூடி, சிறிது திறந்து, மீண்டும் சிறிது மூடி என்று முன்னும் பின்னுமாக அசைத்து இளக்குவதே முறை. முழுவதும் திறந்த பின் அரைச் சுற்று திரும்ப மூடி வைத்தால் அடுத்த முறை எளிதில் சுழலும். சுழற்றியும் நீர் நிற்காத வால்வைப் பகல் நேரத்தில், பிளம்பரின் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை எல்லா வால்வுகளையும் மூடித் திறந்து வைத்தால் அவை இறுகுவதில்லை.

மொட்டைமாடியில் இறங்குகுழாய்கள் பல வரிசையாக இருக்கும். எது எந்த வீடுகளுக்குச் செல்கிறது என்பதை அண்டை வீட்டார் ஒருவரைக் கீழே நிற்கச் செய்து சோதித்து, பெயின்டால் குழாயிலேயே எழுதிவிட வேண்டும். அதனினும் முதன்மையானது மொட்டைமாடிக் கதவின் சாவி. இரவில் கதவு பூட்டியிருக்க, சாவி தர்வானிடம் இருக்க, அவர் ஊருக்குச் சென்றிருந்தால் வால்வு இருக்கும் இடம் தெரிந்தும் பயனில்லை. சாவியின் ஒரு பிரதி மேல்மாடியில் வசிக்கும் ஒரு குடும்பத்திடம் இருப்பது நல்லது.

ஒரு கணக்கு

தரைத்தளமும் அதன்மேல் நான்கு மாடிகளும் கொண்ட ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடித் தொட்டி 5,000 லிட்டர் கொண்டது. இரண்டாம் மாடியில், கைகழுவும் தொட்டிக்கு நீர் கொண்டுவரும் வளைகுழாய் இரவில் வெடிக்கிறது. அந்த இடத்திற்கும் மேல்தொட்டி நீர்மட்டத்திற்கும் ஏறக்குறைய 10 மீட்டர் உயரம். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம்.

நிமிடத்திற்கு 20 லிட்டர் கொட்டுவதாகக் கொள்வோம். நம் வீட்டில் முழுவதும் திறந்த குழாயின் கீழ் 20 லிட்டர் வாளி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்த்து இந்த எண்ணை அவரவர் திருத்திக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் 200 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி அறையில் அது இரண்டு சென்டிமீட்டர் ஆழம். அலமாரியின் கால்களும் தரையோடு கிடக்கும் மின்கம்பிகளும் நனைய அது போதும். நாற்பது நிமிடத்தில் 800 லிட்டர். கீழ்வீட்டின் கூரையில் ஈரம் இறங்கத் தொடங்கிவிடும். தடுப்பார் இல்லாவிட்டால் மேல்தொட்டி காலியாக நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும். தானியங்கி மோட்டார் நிரப்பிக்கொண்டிருந்தால் அதற்குப் பின்னும் ஓயாது.

இந்த வீட்டில் செய்ய வேண்டியவை வரிசையாக இவை. கைகழுவும் தொட்டியின் அடியில், வளைகுழாய் சுவரைச் சேரும் இடத்தில், ஆங்கிள் காக் என்னும் சிறு குழாய்த்திருகு இருக்கும். வெடித்தது வளைகுழாய் மட்டுமே என்பதால் அதை மூடினாலே போதும். மற்ற குழாய்களில் நீர் தொடர்ந்து வரும். அது திருகவில்லை என்றாலோ, வெடிப்பு சுவருக்குள் என்றாலோ, அந்தப் பாதையின் வீட்டு வால்வை மூட வேண்டும். அதுவும் மூடவில்லை என்றால் ஒருவர் மொட்டைமாடிக்குச் சென்று உரிய இறங்குகுழாயை மூட வேண்டும். மற்றொருவர் மோட்டாரை நிறுத்தி, தானியங்கிக் கருவியையும் அணைக்க வேண்டும். மேல்மாடிக்குச் செல்லும் நேரத்திற்குள் அதே பாதையில் உள்ள மற்ற குழாய்களை முழுவதும் திறந்துவிட்டால், நீரின் ஒரு பகுதி வடிகால் வழியே போகும். வெடித்த இடத்தில் வேகம் குறையும். அந்த இறங்குகுழாயைச் சார்ந்த மற்ற வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும். விவரம் அறியாத ஒருவர் மேலே சென்று வால்வைத் திறந்துவிடக்கூடும்.

இந்த வரிசைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீர் பிளக் பாயின்ட்டையோ தரையில் உள்ள நீட்டிப்புக் கம்பியையோ நெருங்கிவிட்டால், வால்வுக்கு முன் மின்சாரம். எம்.சி.பி. பெட்டிக்கு உலர்ந்த தரையில் நடந்து செல்ல முடிந்தால் மட்டுமே அதை அணைக்கலாம். நீரில் நின்றுகொண்டு எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. அந்நிலையில் வீட்டை விட்டு வெளியேறி, தரைத்தள மீட்டர் அறை உலர்ந்திருந்தால் அங்குள்ள நம் வீட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் செய்ய வேண்டும். மீட்டர் அறையே நனைந்திருந்தால் அதனுள் செல்லாமல் சி.இ.எஸ்.சி. நிறுவனத்தை அழைப்பதே வழி. குளியலறை கீசர் ஓடிக்கொண்டிருந்தால், நீர் வரத்து நின்ற பின் அதுவும் அணைந்திருக்க வேண்டும்.

நீர் நின்ற பின்

துடைக்கத் தொடங்குமுன் வெடித்த இடம், நீர்மட்டம், நனைந்த பொருள்கள், கீழ்வீட்டுக் கூரை ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். வெடித்த குழாய்த் துண்டை எறிந்துவிடக் கூடாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் நீர்த்தொட்டிகள், கருவிகள், குழாய்கள் வெடித்தோ வழிந்தோ ஏற்படும் சேதம் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டுள்ளது. சேதத்தை உடனே நிறுவனத்திற்குத் தெரிவிப்பது பாலிசிதாரரின் கடமை. ஆனால் மாதக்கணக்கில் சுவரில் ஊறிய கசிவு வெடிப்பு ஆகாது. மேலும் அப்பாலிசி நம் வீட்டையும் நம் பொருள்களையும் காப்பது. கீழ்வீட்டாருக்கு நாம் ஈடுசெய்ய வேண்டிய தொகைக்கு அதை நம்பியிருக்க முடியாது. வீட்டுக் கடனுடன் பாலிசி எடுத்தவர்கள், அதில் கட்டடம் மட்டும் உள்ளதா, வீட்டுப் பொருள்களும் உள்ளனவா என்பதைப் பாலிசிப் பத்திரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

பழுது நீங்கிய பின் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். முதலில் ஒரு குழாயைத் திறந்துவைத்து, உள்ளே அடைந்த காற்று வெளியேறும்வரை விட்டு, பிறகு முழுவதும் திறந்தால் மற்ற இணைப்புகளில் அதிர்ச்சி ஏற்படாது.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இங்கே தனித்து வாழும் முதிய தம்பதியர் நம் வாடிக்கையாளர்களில் பலர். இரவில் அவர்கள் ஐந்து மாடி ஏறி வால்வைத் தேடுவது இயலாத காரியம். அவர்கள் வீட்டில் சமையலறைக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கட்டும். வீட்டு வால்வுகள் இருக்கும் இடமும் அவை நிறுத்தும் குழாய்களும், மொட்டைமாடியில் நம் இறங்குகுழாயின் அடையாளம், சாவி வைத்திருப்பவர், மோட்டார் சுவிட்சு உள்ள இடம், தர்வான், பிளம்பர், கீழ்வீட்டார் ஆகியோரின் தொலைபேசி எண்கள் ஆகிய இவ்வளவும் பெரிய எழுத்தில் அதில் இருந்தால், உதவிக்கு ஓடிவரும் அண்டை வீட்டார் யாராயினும் கேள்வி கேட்டுக் காத்திராமல் நேரே மேலே செல்ல முடியும். வருபவர் பெரும்பாலும் வங்காளியராகவே இருப்பார் என்பதால், தமிழோடு வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ அதை எழுதிவைக்க வேண்டும்.