ஐந்து புள்ளி ஏறியது நிஜமா?

ரேஷன் கடைச் சேவை திருப்தியாக இருக்கிறதா என்று ஒரு மாவட்டத்தில் சென்ற ஆண்டு 400 பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 208 பேர் ‘ஆம்’ என்றார்கள், அதாவது 52 சதவீதம். இந்த ஆண்டு வேறு 400 பேரைக் கேட்டதில் 228 பேர், 57 சதவீதம். ‘திருப்தி கூடியது’ என்று அறிக்கையில் எழுதலாமா? புள்ளியியல் பயிற்சிக்கு வரும் என் போன்றவர்கள் கைக்கு வரும் வேலை பெரும்பாலும் இதுதான்.

முதலில், எதுவுமே மாறவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். மாறவில்லை என்றால் 800 பதில் தாள்களில் எது எந்த ஆண்டினது என்பதற்கு அர்த்தமே கிடையாது. எல்லாவற்றையும் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு 400, 400 ஆகப் பிரித்தாலும் இரண்டு கட்டுகளிலும் ‘ஆம்’ சரிசமமாக விழாது. ஐந்து புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் எத்தனை முறை வரும்? ஏறக்குறைய ஆறில் ஒரு முறை. தாளைக் கலக்காமல் சூத்திரத்தில் போட்டாலும் விடை இதையொட்டியே வரும். இப்படிப்பட்ட வித்தியாசத்தின் திட்டப்பிழை 3.5 புள்ளி. நமக்குக் கிடைத்த 5 புள்ளியை அதால் வகுத்தால் 1.42. வழக்கமாகக் கேட்கும் எல்லையான 1.96-ஐ அது தொடவில்லை.

ஆகவே ‘கூடியது’ என்று எழுத முடியாது. ‘மாறவில்லை’ என்றும் எழுதக் கூடாது. அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். இந்தத் தரவை வைத்துப் பார்த்தால் திருப்தி இரண்டு புள்ளி இறங்கியிருக்கலாம், பன்னிரண்டு புள்ளி வரை ஏறியும் இருக்கலாம். அந்த வீச்சை அப்படியே அறிக்கையில் போடுவதுதான் நேர்மை என்பேன்.

ஆண்டுக்கு 1,600 பேரைக் கேட்டு, அதே 52, 57 வந்திருந்தால்? ஆட்கள் நான்கு மடங்கானால் திட்டப்பிழை பாதியாகும். விகிதம் 2.84-க்கு ஏறிவிடும். தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருவது ஆயிரத்தில் நாலைந்து முறைதான். இப்போது ‘கூடியது’ என்று எழுதத் தோன்றும்.

எழுதுவதற்கு முன், அந்த 1,600 பேரை எப்படிப் பிடித்தார்கள் என்று களப்பணியாளரிடம் கேட்க வேண்டும். மாவட்டம் முழுக்கத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் கணக்கு சரி. செலவை மிச்சப்படுத்த 80 ஊர்களுக்குப் போய், ஊருக்கு 20 பேரைக் கேட்டிருந்தால் கதையே வேறு. ஓர் ஊருக்குப் பெரும்பாலும் ஒரே கடை. அங்கே எடை குறைந்தால் இருபது பேரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். இருபது பதில் வந்தாலும் இருபது தனித்தனிச் செய்தி கிடைக்கவில்லை. இதனால் 1,600 பேர் 800 பேருக்குச் சமமாகிவிட்டால் 2.84 என்பது 2.01 ஆகக் குறையும், எல்லையை மயிரிழையில்தான் தாண்டும். ஊருக்குள் பதில்கள் இன்னும் ஒத்துப்போனால் அதுவும் நிற்காது.

எக்செல் கோப்பில் 1,600 வரிசைகள் இருக்கும். ஊர்ப் பெயருக்கென்று ஒரு பத்தி இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் கோப்பு வந்ததும் நான் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.