பூர்வீக நிலத்தில் மகளின் பங்கு

சென்ற மாதம் ஒரு கிராமசபைக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் வேளையில், ஐம்பத்தெட்டு வயதுள்ள ஓர் அம்மையார் நான்காக மடித்த ஒரு காகிதத்தை நம்மிடம் நீட்டினார். அது ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகல். பூர்வீக நிலத்தில் தமக்குள்ள பாத்தியதை அனைத்தையும் உடன்பிறந்த ஆண்மக்கள் இருவருக்கும் விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு வந்து கையெழுத்திட வேண்டும் என்று தம்பியர் சொல்லியிருந்தனர். "எனக்குப் பங்கே இல்லை என்கிறார்கள். இல்லாத பங்குக்கு என் கையெழுத்து எதற்கு, ஐயா?" என்பதே அவர் கேட்ட கேள்வி. அக்கேள்விக்குள்ளேயே விடையின் பாதி இருந்தது. மற்றப் பாதி சுப்ரீம் கோர்ட்டின் ஒரு தீர்ப்பில் இருக்கிறது. அதனை இங்கு விளக்குவோம்.

முதலில் குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். ஊரும் பெயரும் வேண்டா. தந்தையாருக்கு அவர் முன்னோர் வழியில் வந்த நிலம் 5 ஏக்கர் 80 செண்டு. கிணறு வெட்டிய கடனை அடைக்க 1991-ல் அவரே 1 ஏக்கரைப் பதிவுப் பத்திரம் மூலம் விற்றுவிட்டார். மீதம் 4 ஏக்கர் 80 செண்டு. மகளுக்கு 1986-ல் திருமணம் நடந்தது. தந்தையார் 1998-ல் உயில் எழுதாமல் காலமானார். 2001-ல் தம்பியர் இருவரும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வெள்ளைத்தாளில் ஒரு கூர்ச்சீட்டு எழுதி ஆளுக்குப் பாதியாக உழுது வருகின்றனர். அது பதிவு செய்யப்படவில்லை. பட்டா 2007-ல் தனித்தனியாக மாறியது. தாயார் இன்றும் இருக்கிறார். ஆண்டுதோறும் பொங்கலுக்குத் தமக்கையார் வீட்டுக்கு இரண்டு மூட்டை நெல் போகும். அது சென்ற ஆண்டு வரை தவறவில்லை.

தம்பியர் தரப்பில் மூன்று காரணங்கள் கூறப்பட்டன. திருமணமான மகளுக்குப் பங்கு இல்லை என்பது ஒன்று. புதிய சட்டம் வருமுன்னரே தந்தை இறந்துவிட்டார் என்பது இரண்டாவது. நிலம் முன்னமே பாகமாகிவிட்டது என்பது மூன்றாவது. இவற்றைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு சட்டத்தையோ தீர்ப்பையோ ஒட்டிப் பேசப்பட்டதே.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசு உரிமைச் சட்டம், பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கை ஆண்மக்களுக்கே விட்டு வைத்திருந்தது. தமிழ்நாட்டில் 25-3-1989 முதல் செல்லும் ஒரு திருத்தத்தால் மகளுக்கும் அவ்வுரிமை வந்தது. ஆனால் அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது கிட்டவில்லை. நம் அம்மையார் 1986-ல் மணமானவராதலால் மூன்றாண்டு வித்தியாசத்தில் வெளியே நின்றார். பின்பு மத்திய சர்க்காரின் திருத்தச் சட்டம் 9-9-2005 அன்று அமலுக்கு வந்தது. அதில் மணமானவர், மணமாகாதவர் என்ற பிரிவே இல்லை. ஆகவே முதற் காரணம் அன்றே போய்விட்டது. சீர்வரிசை செய்தாயிற்றே என்று சிலர் கேட்பர். சீருக்காகப் பங்கைக் குறைக்கும் விதி எதுவும் அச்சட்டத்தின் அப்பிரிவில் இல்லை.

இரண்டாவது காரணம்தான் நெடுநாள் குழப்பமாக இருந்தது. 9-9-2005 அன்று தந்தையும் மகளும் இருவரும் உயிருடன் இருந்தால்தான் மகளுக்கு இவ்வுரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2015-ல் பிரகாஷ் எதிர் புலாவதி வழக்கில் தீர்ப்பளித்தது. 2018-ல் தானம்மா வழக்கில், 2001-லேயே இறந்துபோன ஒருவரின் புதல்வியருக்கும் அதே கோர்ட்டு பங்கு கொடுத்தது. இரண்டும் ஒன்றோடொன்று முரணாக நின்றதால், கீழ்க் கோர்ட்டுகள் எதைப் பின்பற்றுவது என்ற கேள்வி மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குச் சென்றது. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா என்னும் அவ்வழக்கில் 11-8-2020 அன்று தீர்ப்பு வந்தது. தம்பியருக்குப் பத்திரம் எழுதித் தந்தவர் 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அது இப்போது செல்லாது.

தீர்ப்பின் உட்கருத்து எளியது. கூட்டுக் குடும்பத்தில் மகனுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு எப்போது வருகிறது? தந்தை இறக்கும்போதன்று, மகன் பிறக்கும்போதே வந்துவிடுகிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி என்கிறது. பிறப்பால் வரும் உரிமைக்குத் தந்தை ஒரு குறிப்பிட்ட நாளில் உயிருடன் இருந்தாரா என்று கேட்பதில் பொருள் இல்லை. மகள் அந்நாளுக்கு முன் பிறந்திருந்தாலும் பின் பிறந்திருந்தாலும், 9-9-2005 முதல் அவ்வுரிமையைக் கோரலாம் என்று நீதிபதிகள் கூறினர். உரிமையோடு பொறுப்பும் உண்டு. அச்சொத்தைச் சார்ந்த கடமைகளில் மகனுக்குள்ளது போன்றே மகளுக்கும் பங்குண்டு.

இதனால் விளையும் வேற்றுமையைச் செண்டுக் கணக்கில் பார்த்தால் தெளிவாகும். இருப்பது 480 செண்டு. பழைய முறையில் தந்தையும் இரு மகன்களும் ஆளுக்கு 160 செண்டுக்கு உரியவர். தந்தையின் 160 மட்டும் அவருக்குப்பின் தாய், இரு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் 40 வீதம் போகும். ஆக மகளுக்கு 40 செண்டு. அப்போதும் அவருக்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று என்பதைக் கவனிக்க. புதிய முறையில் தந்தை, இரு மகன்கள், மகள் என்று பங்காளிகள் நால்வர், ஆளுக்கு 120. தந்தையின் 120 செண்டு தாயையும் சேர்த்து நால்வருக்கு 30 வீதம் பிரியும். எனவே மகளுக்கு 150, மகன்களுக்கு 150 வீதம், தாய்க்கு 30. அந்த நான்காக மடித்த காகிதத்தில் கையெழுத்திட்டிருந்தால் போயிருக்கக்கூடியது ஒன்றரை ஏக்கர்.

மூன்றாவது காரணமாகிய பழைய பாகத்தைப் பற்றித்தான் கிராமங்களில் மிகுந்த கவனம் வேண்டும். 20-12-2004-க்கு முன் நடந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் புதிய சட்டம் கலைப்பதில்லை. ஆகவே தந்தையார் 1991-ல் விற்ற 1 ஏக்கரை அம்மையார் கேட்க இயலாது. வாங்கியவர் அஞ்ச வேண்டியதும் இல்லை. ஆனால் பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்யப்பட்ட பத்திரம் அல்லது கோர்ட்டு டிக்ரி என்று சட்டமே பொருள் சொல்லிவிட்டது. வாய்மொழிப் பாகத்தைக் கோர்ட்டு ஏற்பது அபூர்வம். நெடுங்காலத் தனி அனுபவம், வருமானத்தைத் தனியே எடுத்துக்கொண்டமை, ரெவின்யூ பதிவுகள், அக்காலத்திய பிற பொது ஆவணங்கள் ஆகியவற்றால் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே, அதுவும் மிகுந்த தயக்கத்துடன் ஏற்கலாம் என்பது தீர்ப்பு. சாட்சிகளின் வாய்ச்சொல் மட்டும் போதாது. மகள்களை ஏமாற்றுவதற்கென்றே பின்னாளில் எழுதி முன்தேதியிட்ட சீட்டுகள் வரக்கூடும் என்பதை நீதிபதிகள் அறிந்தே இவ்வாறு கூறினர்.

நம் குடும்பத்தில் கூர்ச்சீட்டின் தேதி 2001. ஆனால் அதைத் தாங்கும் பொது ஆவணம் 2007-ல் மாறிய பட்டா ஒன்றே. அது 20-12-2004-க்குப் பின் வந்தது. ஆகவே தம்பியர் வாதம் மிகவும் மெலிந்தது. பட்டா 2002-லேயே மாறியிருந்து, வரி ரசீதும் கூட்டுறவுக் கடனும் அன்றுமுதல் தனித்தனியே இருந்திருந்தால், வாதத்துக்கு ஓரளவு வலு இருந்திருக்கும். முடிவு கோர்ட்டின் கையில் இருந்திருக்கும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இங்கு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நாம் முன்னின்று பேசி முடித்த பாகம் டிக்ரி ஆகாது. பழைய நாளில் பாகம் நடந்ததாக நேரில் காணாத ஒருவர் சாட்சிக் கையெழுத்திடுவதும் தகாது.

இன்னொரு வாதமும் வரக்கூடும். தந்தை 1998-ல் இறந்தபோதே சட்டப்படி பாகம் ஆகிவிட்டதென்பர். இறந்தவரின் பங்கு எவ்வளவு என்று அறிவதற்காக மட்டும் சட்டம் மனத்தில் கற்பித்துக்கொண்ட பிரிவினை அது. அதனால் நிலம் மெய்யாகவே பிரிந்ததாகாது என்று தீர்ப்பு தெளிவாக்கியிருக்கிறது. வழக்கில் முதல்நிலை டிக்ரி ஆகியிருந்தாலும், இறுதி டிக்ரி ஆகாதவரை மகளின் பங்கைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றும் கூறியிருக்கிறது.

தீர்ப்பு எட்டாத இடத்தையும் சொல்லவேண்டும். பாட்டனார் நிலமெல்லாம் பூர்வீகம் ஆகிவிடாது. பாட்டனார் தம் சொந்த உழைப்பில் வாங்கி 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் உயிலின்றி இறந்திருந்தால், அது மகன் கையில் அவருடைய தனிச் சொத்தே. அதில் பேரனுக்கோ பேத்திக்கோ பிறப்புரிமை இல்லை. அவர் விரும்பியபடி விற்கவோ உயில் எழுதவோ செய்யலாம். உயிலின்றி இறந்தால் மட்டும் மனைவியும் மக்கள் அனைவரும் சமமாகப் பெறுவர். ஆதலால் நிலம் முதலில் யார் பெயரில், எவ்வாறு வந்தது என்பதைத் தாய்ப்பத்திரத்திலும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் பார்த்த பின்னரே கணக்குப் போட வேண்டும். மேலும் இச்சட்டம் இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்குரியதன்று.

அம்மையாரிடம் நாம் சொன்னது இரண்டே. பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு புரியாமல் செய்தேன் என்று ரத்துச் செய்விப்பது கடினம். எனவே திங்கட்கிழமை போக வேண்டா. அடுத்தது, பங்கு இல்லை என்று இப்போது வெளிப்படையாக மறுத்துவிட்டார்கள். அவ்வாறு விலக்கப்பட்டதை அறிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்பதால் இந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்க. நாம் வழக்கறிஞர் அல்லோம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி தரும் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு அவரை அனுப்பினோம். வாரிசுச் சான்று, தந்தையின் இறப்புச் சான்று, வில்லங்கச் சான்று, சிட்டா நகல், கூர்ச்சீட்டின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லும்படி கூறினோம்.

குழுவின் முன் தம்பியர் இருவரும் வந்தனர். இளையவர் முதலில் கோபமாகவே இருந்தார். செண்டுக் கணக்கை வழக்கறிஞர் தாளில் எழுதிக் காட்டியபின், தமக்கு 240-க்குப் பதில் 150 என்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். கிணறு மூத்தவர் உழும் பகுதியில் இருக்கிறது. அம்மையார் மேற்குப் புறத்துப் புஞ்சையை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துள்ளார். அதற்குக் கிணற்றில் வாரம் இரண்டு நாள் தண்ணீர் முறையும் வண்டிப் பாதையும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தாயார் தம் 30 செண்டு தம் பெயரிலேயே இருக்கட்டும் என்றார். உட்பிரிவு அளக்க சர்வேயருக்கு மனுப் போடப்பட்டிருக்கிறது. அளந்து கல் நட்டபின் நால்வரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்வதாக இருக்கின்றனர்.