அசையாத லாப விகிதம்

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்டுகாமின் கணக்கு மோசடி 2002ல் வெளிவந்தது. தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கொண்டுசேர்ப்பதற்காக மற்ற தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டிய கட்டணம்தான் அதன் மிகப் பெரிய செலவு. அது வருவாயில் சுமார் 42 சதவீதம் என்றே கணக்கு காட்டிவந்தது. செலவில் ஒரு பகுதியைச் சொத்து என்று எழுதி மறைத்திராவிட்டால் 50ஐத் தாண்டியிருக்கும். ஆடிட்டர்கள் விகிதங்களை முந்தைய காலத்தோடு ஒப்பிட்டார்கள். பெரிய மாற்றமில்லை என்றதும் மேற்கொண்டு தோண்டவில்லை. துறை முழுவதும் ஆட்டம் கண்டிருந்த நேரத்தில் இந்த விகிதம் மட்டும் எப்படி அசையாமல் நிற்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

போன வருடக் கணக்கைப் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்ப்பது மட்டுமே பகுப்பாய்வு ஆகிவிடாது. இந்த வருடம் விற்பனை எவ்வளவு இருக்க வேண்டும், மொத்த லாபம் எத்தனை சதவீதம் நிற்க வேண்டும் என்று ஆடிட்டர் தானே கணித்து எழுதிவைக்க வேண்டும். அதுவும் கணக்குப் புத்தகத்தின் தொகையைப் பார்ப்பதற்கு முன்பே. பார்த்துவிட்டால், நம் கணிப்பு நம்மை அறியாமல் அந்தத் தொகையை நோக்கியே நகரும்.

ஒரு நூற்பு மில்லைக் கற்பனை செய்துகொள்வோம். போன வருடம் 20 லட்சம் கிலோ நூலைக் கிலோ 300 ரூபாய்க்கு விற்றது. விற்பனை 60 கோடி, மொத்த லாபம் 18 சதவீதம். அதாவது கிலோவுக்கு அடக்கச் செலவு 246 ரூபாய். இந்த வருடம் மின்வாரிய பில்களில் யூனிட் 5 சதவீதம் குறைந்திருக்கிறது. ஓடியது அதே கவுண்ட் நூல்தான், கையிருப்பிலும் பெரிய ஏற்ற இறக்கமில்லை. அப்படியானால் விற்றது சுமார் 19 லட்சம் கிலோ. சந்தையில் நூல் விலை 290க்கு இறங்கியிருக்கிறது. பஞ்சு விலை ஏறியதால் அடக்கச் செலவு 254 ஆகியிருக்கிறது. ஆக, விற்பனை 55.1 கோடி இருக்க வேண்டும், லாபம் 6.84 கோடி, அதாவது 12.4 சதவீதம். வித்தியாசம் 1 கோடியைத் தாண்டினால் காரணம் தேடுவது என்ற வரம்பையும் அப்போதே குறித்துக்கொள்கிறார் ஆடிட்டர்.

பிறகு புத்தகத்தைத் திறந்தால் விற்பனை 59.1 கோடி, லாபம் 18.3 சதவீதம். போன வருடத்தோடு ஒப்பிட்டால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. கணிப்போடு ஒப்பிட்டால் விற்பனையில் 4 கோடி கூடுதல். லாபம் 10.84 கோடி, அதிலும் அதே 4 கோடி கூடுதல். இந்த ஒற்றுமையில்தான் துப்பு இருக்கிறது. உண்மையிலேயே கூடுதலாக விற்றிருந்தால் அதற்கான அடக்கச் செலவும் ஏறியிருக்கும். லாபம் அரைக்கோடி அளவுக்குத்தான் கூடும். முழுத் தொகையும் லாபமாக நிற்கிறது என்றால், செலவே இல்லாத விற்பனை ஒன்று உள்ளே இருக்கக்கூடும். மார்ச் கடைசியில் பில் போட்டுவிட்டு, சரக்கைக் குடோனிலேயே வைத்து இருப்பிலும் சேர்த்து எண்ணியிருந்தால் கணக்கு இப்படித்தான் வரும். விற்பனை கணிப்போடு பொருந்தி லாபம் மட்டும் ஏறியிருந்தால், சந்தேகம் கையிருப்பின் மதிப்பீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்.

திட்டமிடும்போது செய்யும் இந்தக் கணக்கு எதையும் நிரூபித்துவிடாது. எங்கே தோண்டுவது என்று காட்டும், அவ்வளவுதான். கணிப்பே தவறாகவும் இருக்கலாம். “நல்ல விலைக்கு எக்ஸ்போர்ட் ஆர்டர் கிடைத்தது, சார்” என்று நிர்வாகம் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பை மூடக்கூடாது. ஷிப்பிங் பில் எங்கே? மார்ச் கடைசி வார பில்களுக்கு இ-வே பில் எந்தத் தேதியில்? கேட் ரிஜிஸ்டரில் லாரி எப்போது வெளியேறியது? ஏப்ரலில் அதே பார்ட்டிகளுக்குக் கிரெடிட் நோட் போட்டார்களா? மாதவாரியாகப் பிரித்தாலும் உண்மை தெரியும். பதினொரு மாதம் 12 சதவீதத்தை ஒட்டியே வந்த விகிதம் மார்ச்சில் மட்டும் எகிறியிருந்தால், ஆண்டு மொத்தம் அதை மறைத்துவிடும்.

தணிக்கை முடியும் தறுவாயில் இதே ஒப்பீட்டை இன்னொரு முறை செய்ய வேண்டும் என்கிறது எஸ்.ஏ. 520 என்ற இந்தியத் தணிக்கைத் தரநிலை. இப்போது கேள்வி வேறு. கையெழுத்துக்கு வந்திருக்கும் கணக்கு, இத்தனை நாள் நாம் தெரிந்துகொண்ட தொழிலோடு பொருந்துகிறதா? 4 கோடியைத் திருத்திய பிறகு மில்லின் லாபம் 12.4 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். இறுதி அறிக்கையில் அது 15 என்று நின்றால், திருத்தத்துக்குப் பிறகு யாரோ வேறு பதிவு போட்டிருக்கிறார்கள். கையிருப்பின் விலையை ஏற்றியிருக்கலாம். உற்பத்திச் செலவை நிர்வாகச் செலவுக்குக் கீழே நகர்த்தியிருக்கலாம். இரண்டாவதில் நிகர லாபம் மாறாது என்பதால் எளிதில் கண்ணில் படாது. அந்தக் கடைசி வாரத்து ஜர்னல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை கையெழுத்து காத்திருக்க வேண்டும்.