பழைய பில் எத்தனை நாள் கழித்து மாறும்?

ஒரு மருந்து மொத்த வியாபாரியின் ஆறு வருட விற்பனை பவர் பிஐ டாஷ்போர்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் ராத்திரி அத்தனை பில்களையும் முதலிலிருந்து ஏற்றுவது முழு ஏற்றம். மூலக் கணக்கில் இருப்பது அப்படியே டாஷ்போர்டுக்கு வந்துவிடும் என்பது இதில் பெரிய நிம்மதி. ஆனால் பில்கள் பெருகப் பெருக நேரமும் நீளும். ப்ரோ உரிமத்தில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் ஏற்றம் பாதியில் நின்றுவிடும்.

இன்கிரிமென்டல் ரெஃப்ரெஷ் தரவைத் தேதிவாரியாகத் துண்டு போட்டு வைக்கிறது. முதல் தடவை மட்டும் எல்லாவற்றையும் ஏற்றும். பிறகு நாம் சொல்லும் கடைசி 10 நாளை மட்டும் புதுப்பிக்கும். பழைய துண்டுகளைத் தொடாது. சிக்கல் அங்கேதான்.

மார்ச் 5-ல் 40,000 ரூபாய்க்கு ஒரு பில். காலாவதியான மருந்து ஜூனில் திரும்பி வருகிறது. கணக்கர் அதே பில்லைத் திறந்து 31,000 என்று திருத்துகிறார். டாஷ்போர்டில் மார்ச் விற்பனை 40,000-ஆகவே நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. அதே திரும்பலை ஜூன் தேதியிட்ட தனி வரவுச்சீட்டாகப் போட்டிருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும். ஆகவே தரவின் அளவைவிட, பழைய வரிசை எத்தனை நாள் கழித்து மாறுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். எஸ்க்யூஎல் சர்வரில் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்:

```
SELECT COUNT(*) FROM Bills
WHERE DATEDIFF(day, BillDate, ModifiedDate) > 10
```

விடை பெரிதாக வந்தால் 10-ஐ 30, 60, 90 என்று கூட்டிப் பாருங்கள். எங்கே எண்ணிக்கை சட்டென்று சரிகிறதோ, அத்தனை நாளைப் புதுப்பிக்கும் காலமாக வையுங்கள்.

பில் தேதிக்குப் பதில் திருத்திய தேதியை வைத்தே துண்டு போடலாமே என்று தோன்றும். கூடாது. திருத்திய பில் ஜூன் துண்டில் புதிதாக ஏறும், மார்ச் துண்டிலும் பழையது அப்படியே இருக்கும். விற்பனை இரண்டு தடவை சேர்ந்துவிடும்.

வடிகட்டியிலும் ஒரு கண் வேண்டும்:

```
[BillDate] >= RangeStart and [BillDate] < RangeEnd
```

இரண்டு பக்கமும் சமக்குறி போட்டால், நேரமில்லாத வெறும் தேதியாக இருக்கும் பில்கள் எல்லாம் நள்ளிரவு 12 மணியில் நிற்பதால், துண்டு மாறும் ஒவ்வொரு நாளும் இரட்டிப்பாகும்.

மூலத்தில் அழித்த பில்களை மேலே சொன்ன கேள்வி காட்டாது. அதற்கு மாதவாரியான பில் எண்ணிக்கையையும் தொகையையும் மூலத்திலும் டாஷ்போர்டிலும் எடுத்து ஒப்பிட வேண்டும். நம் மருந்துக்கடைக்கு நான் வைப்பது 90 நாள் புதுப்பிப்பு, மாதம் ஒரு ஒப்பீடு. கணக்கு இடித்தால், கோப்பை மறுபடி பதிப்பித்தால் போதும்: பழைய துண்டுகள் போய், அடுத்த ஏற்றம் முழு ஏற்றமாக நடக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அது முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.